பெயர் எழுதாத மினிட்ஸ்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பால்காரர் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தால் அன்றைக்குப் பாலை முகர்ந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவேன். வீட்டில் இந்தப் புத்திக்காக எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன்! ஆனால் என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்சாக இருந்தேன். முழங்கால் தேய்ந்து, வார்டில் ஓடியாட முடியாமல் போனதும், தரக்கட்டுப்பாடு என்று ஒரு பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முக்கியமான வேலை, கேஸ் ஆய்வுக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது. ஆஸ்பத்திரியில் ஏதாவது தவறிப்போனால், டாக்டர்களும் சிஸ்டர்களும் மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கான கூட்டம் இல்லை அது. பேசியதை எழுதி, அடுத்த கூட்டத்தில் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, பூட்டி வைப்பது என் பொறுப்பு.

அந்த மினிட்ஸில் நோயாளியின் பெயர் இருக்காது. ஐ.பி. நம்பர் என்கிற உள்நோயாளி எண்ணும் இருக்காது. அந்த வருஷத்தின் இத்தனாவது கேஸ் என்று ஒரு குறியீடு மட்டும் போடுவேன். எந்தக் குறியீடு எந்த நோயாளி என்ற விவரம் தனியாக மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் பூட்டியிருக்கும், சாவி மருத்துவக் கண்காணிப்பாளரிடம். தேதி எழுத மாட்டேன். ‘வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இத்தனை மணி கழித்து’ என்றுதான் எழுதுவேன். வயதைச் சரியாகச் சொல்லாமல் ‘இளம் வயது’, ‘நடுத்தர வயது’ என்பேன். டாக்டர், நர்ஸ் பெயரும் கிடையாது. ‘பணியில் இருந்த மருத்துவர்’, ‘பணியில் இருந்த செவிலியர்’, அவ்வளவுதான். கூட்டத்தில் யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. தாளைக் கொடுத்தால் போகும்போது திருப்பி வாங்கிவிடுவேன்.

புதிதாக வந்த டாக்டர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெயரை எடுத்தால் போதாதா என்பார்கள். போதாது. இது சென்னை இல்லை. வன்னியம்பட்டியில் ஒரு வாத்தியார், இரண்டாம் கல்யாணம், சர்க்கரை வியாதி என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவருடைய மாமனார் பெயர்வரை சொல்லிவிடுவார். அதனால் ஊர், தொழில், கூட வந்த உறவு, இதில் எதுவும் என் தாளில் ஏறாது. விவரத்தை மாற்றி எழுதவும் மாட்டேன். ஆணைப் பெண்ணென்று எழுதினால் மருத்துவக் காரணமே கெட்டுப்போகும். தேவையில்லாததை விட்டுவிடுவேன், தேவையானதை உள்ளபடி எழுதுவேன். மினிட்ஸுக்குத்தான் இந்த விதி. இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது என் நினைவு. இதில் வியாதி, உறவு, ஊர் ஆகியவற்றில் எதை மாற்றியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். யாரென்று கண்டுபிடித்துவிடலாம் என்று வாசிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கேஸ் இதுதான். ஒரு இளம்பெண். குடல்வால் வீக்கம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி இறக்கிவிட்டிருந்ததால் கீழே விழுந்து நெற்றி கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மயக்க மருந்தினாலா, ரத்தத்தில் உப்புக் குறைந்ததனாலா என்று டாக்டர்கள் பதறிப்போய் ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அவளுடைய அம்மா நர்சைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்தே வலிப்பு உண்டு, தினமும் மாத்திரை, வந்து சேர்ந்ததிலிருந்து போடவில்லை. கேஸ் ஷீட்டில் ‘தொடர்ந்து சாப்பிடும் மருந்து: இல்லை’ என்று எழுதியிருந்தது.

கூட்டம் கண்காணிப்பாளரின் அறையை ஒட்டிய சிறிய ஹாலில் நடந்தது. கண்காணிப்பாளர் ஒரு பெண் டாக்டர், அதிகம் பேசாதவர். ஆபரேஷன் செய்த சர்ஜன், வார்டு சிஸ்டர், மருந்தகப் பொறுப்பாளர் இருந்தார்கள். ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டின் சார்பில் ஒரு பெரியவரும் உண்டு. மில் நடத்தி ஓய்ந்தவர், எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே கேட்டதை வெளியே பேசமாட்டேன் என்று எல்லாரையும் போல அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் எனக்கு அவர்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். ஊரில் நடக்கிற கல்யாணப் பேச்சில் பாதி அவர் வீட்டு வாசலில்தான் முடிகிறது என்பார்கள்.

சர்ஜன் நடந்ததைச் சொன்னார். கம்பி ஏன் இறங்கியிருந்தது என்று கேள்வி வந்தது. காபி கொடுக்க வந்தவர்கள் இறக்கியது, ஏற்றவில்லை. அதை எழுதிக்கொண்டேன். பிறகு, மருந்து பற்றி ஏன் தெரியாமல் போயிற்று என்றார் கண்காணிப்பாளர்.

வார்டு சிஸ்டருக்குக் கோபம். “எப்படிம்மா தெரியும்? எங்க நர்சுப் பிள்ளை போயிக் கேக்கும்போது அந்தப் பொண்ணுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை வீட்டு ஆளுக கட்டிலைச் சுத்தி நின்னாக. வருங்கால மாமியார் தலைமாட்டுல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்காக. அவிய முன்னாடி எனக்கு வலிப்பு இருக்குன்னு எந்தப் பொண்ணு சொல்லும்?”

எங்கள் பக்கத்தில் நிச்சயமான பெண் ஆஸ்பத்திரியில் படுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றுவிடுவார்கள். வராவிட்டால்தான் குறை. பெண்ணின் வீட்டார் அவர்களை வெளியே நில்லுங்கள் என்று சொல்ல முடியாது. நர்சும் சொல்லத் துணியமாட்டாள். அவர்கள் நடுவில் நின்றுதான், “வேற எதுவும் வியாதி இருக்கா, மாத்திரை எதுவும் போடுறீங்களா?” என்று சத்தமாகக் கேட்பாள். இதை நானும் பல வருஷம் செய்தவள்தான், எல்லாரும் செய்ததுதான்.

அப்போது அண்ணாச்சி வாயைத் திறந்தார். “எந்த ஊருப் பொண்ணும்மா?”

எனக்குச் சுருக்கென்றது. “அது கேஸுக்குத் தேவையில்லைங்க” என்றேன்.

“சும்மாதான் கேட்டேன். நம்ம பக்கந்தானா?”

“எந்தப் பக்கமா இருந்தாலும் மினிட்ஸ்ல வராதுங்க.”

அவர் முகம் மாறியது. கண்காணிப்பாளர் கண்ணாலேயே என்னை அடக்கினார். மேற்கொண்டு பேச்சு கம்பியின் பக்கம் போய்விட்டது. நான் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் இவரை விசாரிக்கச் சொல்லியிருப்பார்களோ? பெண் விசாரிக்கிறவர்கள் நேராகவா வருவார்கள்? யாரையாவது பிடித்துத்தானே வருவார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதே நினைப்பு. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை வெளியே போனால் அவள் கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியும். வலிப்பு என்றால் இங்கே வியாதி என்று சொல்ல மாட்டார்கள், இன்னும் எதையெதையோ சொல்வார்கள். அவள் கல்யாணம் நிற்பது ஒருபக்கம். தங்கச்சி இருந்தால் அவளுக்கும் வரன் வராது. மினிட்ஸில் நான் எழுதப்போகும் ஒரு வரி அதைச் செய்துவிடக் கூடாது.

மறுநாள் வரைவு எழுதினேன். ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்ற சொல்லைக் கிட்டவே விடவில்லை. நிச்சயமான பெண், நெற்றியில் தையல், குடல்வால் ஆபரேஷன். போதுமே, கான்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் வரை யாரென்று சொல்லிவிடுவார்களே! ‘சேர்க்கையின்போது பெறப்பட்ட மருந்து விவரம் முழுமையாக இல்லை’ என்று ஒரே வரியில் முடித்தேன். நெற்றியைக்கூட ‘சிறு காயம்’ ஆக்கினேன். இந்த வரியிலிருந்து ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

வரைவை உறையில் போட்டு ஒட்டி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்தேன். திருத்தம் இருந்தால் பென்சிலில் குறித்து அதே உறையில் திருப்ப வேண்டும், இது எங்கள் வழக்கம். வார்டு சிஸ்டர் மறுநாளே வந்து என் மேஜையில் போட்டார்.

“நல்லா எழுதியிருக்கீக. வாசிச்சா என் நர்ஸ் கேக்காமலே எழுதிட்டான்னுதான் தோணும்.”

“அப்படி எழுதலையே, சிஸ்டர்.”

“முழுமையா இல்லைன்னா யாரு தப்பு? கேட்டவ தப்புத்தான. அந்தப் பிள்ளை ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கா.”

நான் இறங்கிவரவில்லை. இவர் தன் வார்டைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதையும் வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு சில நாள் அவர் என்னோடு பேசவில்லை.

எல்லா உறையும் வந்துவிட்டன, அண்ணாச்சியுடையது மட்டும் வரவில்லை. போன் செய்தேன். “இங்கனதான் எங்கயோ வச்சேன், தேடித் தாரேன்” என்றார். மறுபடி செய்தேன். கார்ல இருக்கும் என்றார். காரில் இருந்தால் டிரைவர் பார்க்கமாட்டானா? வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவர் பார்க்கமாட்டார்களா? கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். “அதுல யாருன்னு தெரியுற மாதிரி என்ன இருக்கு?” என்றார். ஒன்றுமில்லைதான். ஆனால் அவர் கூட்டத்தில் எல்லாம் கேட்டவர் ஆயிற்றே. தாளையும் காதில் விழுந்ததையும் சேர்த்துவைத்தால்?

இப்படி நான் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். மகளின் நெற்றியில், புருவத்துக்கு மேலே, தையல் பிரித்த தழும்பு புதிதாக இருந்தது. பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“மீட்டிங்ல பேசுனதை எழுதுறது நீங்கதானா?” என்றார் அம்மா.

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? எங்க பிள்ளை விசயத்தை நாலு பேரு உக்காந்து பேசியிருக்கீக. எழுதி வேற வச்சிருக்கீக. அதைக் கிழிச்சுப் போடுங்க. இப்ப என் கண்ணு முன்னால கிழிங்க.”

அண்ணாச்சிதான் என்று என் மனசு கூவியது. “ஏட்டி, சும்மா இருக்க மாட்ட?” என்று அம்மா மகளை அதட்டினார். மகள் ஒன்றுமே பேசியிருக்கவில்லை. பேச வாயெடுத்தாள், அவ்வளவுதான்.

“டாக்டர்தான் சொன்னாரு” என்றாள் அவள். “தையல் பிரிக்க வந்தப்ப. உனக்கு நடந்ததை மீட்டிங்ல பேசியிருக்கோம், உன் பேரு வராது, இனிமே யாருக்கும் இப்படி நடக்கக் கூடாதுன்னுதான்னு சொன்னாரு.”

எனக்கு மூச்சு வந்தது. சர்ஜன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. தவறு நடந்தால் நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான்தான் ஊரெல்லாம் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“நான் வாசிச்சுப் பாக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

நானாகக் காட்ட முடியாது. இருவரையும் கண்காணிப்பாளரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உன் கேஸ் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் வாசித்துக் காட்டலாம், தாளை வெளியே தர முடியாது என்றார். பிறகு அம்மாவிடம், “நீங்க செத்த நேரம் வெளியில உக்காருங்க” என்றார்.

“நான் அவ அம்மாம்மா.”

“தெரியும். அவகிட்ட நான் தனியாப் பேசணும்.”

அம்மா என்னை முறைத்துக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்தியதும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் தோள் குனிந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நான் வாசித்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. முடித்துவிட்டு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தேன்.

“இது யாரு?” என்றாள்.

“நீதான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அப்படி எழுதியிருக்கு.”

“எனக்கே தெரியலையே. நான் சொல்ல மறந்துட்டேன்கிற மாதிரில்லா இருக்கு? இல்லன்னா அந்த அக்கா கேக்க மறந்துட்டாகன்னு இருக்கு. அவங்க நல்லாத்தான் கேட்டாங்க. ரெண்டு வாட்டி கேட்டாங்க. நான் எங்க வருங்கால மாமியார் முகத்தைப் பாத்தேன், இல்லன்னு சொன்னேன். மாத்திரை எங்கம்மா பைக்குள்ளதான் இருந்துச்சு. எடுக்காதன்னு கண்ணைக் காட்டுனேன்.”

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

“அதை எழுதாம என்னத்தை எழுதி என்ன?” என்றாள். “அடுத்து வாரவளையும் அப்படித்தான சுத்தி நின்னு கேப்பாங்க?”

“எழுதினா உன்னைக் கண்டுபிடிச்சிருவாங்கம்மா. மாப்பிள்ளை வீட்டார்னு ஒரு வார்த்தை போதும்.”

அவள் சிரித்தேவிட்டாள். கோபத்தில் வந்த சிரிப்பு. “நான் படுத்திருந்தப்ப எதுத்த ரூம்புல ஒரு பொண்ணு, காய்ச்சலு. அவளுக்கும் மாமியார் வீட்டுல இருந்து வேன் பிடிச்சு வந்திருந்தாக. கீழ ஒரு பொண்ணுக்கு நாத்தனாருக. இந்த ஆஸ்பத்திரில மாமியார் வீட்டாளுக இல்லாத கட்டில் எங்க இருக்கு? அதுல எப்படி என்னையக் கண்டுபிடிப்பாக?”

அவளை அடையாளம் காட்டிவிடும் என்று நான் பயந்த விஷயம் எல்லா வார்டிலும் நடக்கிறது. எங்கும் நடக்கிறதை ஒருத்திக்கு மட்டும் நடந்ததாக நினைத்து மறைத்திருக்கிறேன்.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? இவள் இவ்வளவு துணிந்து பேசுகிறாளே, இந்தக் கல்யாணமே வேண்டாமென்று இந்தத் தாளை வைத்துக் கலைக்கப் பார்க்கிறாளோ என்று தோன்றியது. தோன்றினால் என் வாய் நிற்காது. கேட்டுவிட்டேன்.

“கல்யாணம் நின்னு போகட்டும்னு நினைக்கியா நீ?”

கண்காணிப்பாளர், “என்ன கேள்வி இது?” என்று என்னைக் கடிந்தார். அந்தப் பெண் அசரவில்லை.

“நிக்கணுமா நடக்கணுமான்னு அவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுவேன். எப்ப சொல்லணும்னும் எனக்குத் தெரியும். உங்க பேப்பர் சொல்லக் கூடாது. எங்க அம்மாவும் சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்யத் தெரியாமல் பென்சிலை எடுத்தேன். மூன்று பேருமாக ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். ‘நிச்சயமான’ வேண்டாம். ‘மாமியார்’ வேண்டாம். ‘உறவினர்கள்’ என்றால் பெற்றவர்களுக்கும் பொருந்தும், மற்றவர்களுக்கும் பொருந்தும், அதற்கு அவளும் சரி என்றாள். கடைசியில் இப்படி வந்தது: ‘செவிலியர் மருந்து விவரத்தை இருமுறை கேட்டார். அப்போது உறவினர்கள் கட்டிலைச் சுற்றி இருந்தனர். நோயாளியைத் தனியாக வைத்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவர்கள் முன்னிலையில் சொல்ல முடியாததால் நோயாளி மருந்து இல்லை என்றார்.’ அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

“இது நான்தான்” என்றாள்.

வெளியே போனதும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கிழிச்சுட்டாகளா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. மகள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணாச்சி உறையோடு வந்தார். கார் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். ஒட்டிய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே தாளின் ஓரத்தில் நடுங்கும் பென்சில் எழுத்தில் ஒரு கேள்வி: ‘அந்தப் பிள்ளை ஏன் சொல்லவில்லை? அதுதானே விஷயம்? இதில் இல்லையே.’

திருத்திய வரிகளைக் கூட்டத்தில் வாசித்தேன். வார்டு சிஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். மருந்தகப் பொறுப்பாளர், விவரம் கேட்கும்போது எல்லாரையும் வெளியே அனுப்பினால் சண்டைக்கு வருவார்களே என்றார்.

“வரட்டும்” என்றார் அண்ணாச்சி. “பொண்ணுகளுக்கு மட்டுமா இது? போன தடவை எனக்கு நெஞ்சு வலின்னு வந்து படுத்தேன். பீடி சிகரெட் உண்டான்னு கேக்காக, பக்கத்துல என் மகன் நிக்கான். இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன்.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவரிடம் நேராகக் கேட்டேன், “அன்னைக்கு எந்த ஊருன்னு ஏங்க கேட்டீங்க?”

“யாரைப் பத்திப் பேசுனாலும் முதல்ல அதைத்தான கேப்போம்? வாயில வந்துருச்சு. நீ என்னைய முறைச்ச முறைப்புல பொறவு யாரையும் கேக்கலை தாயி.”

நம்பினேனா? முக்கால்வாசி நம்பினேன்.

கண்காணிப்பாளர் முடிவைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். சேர்க்கையின்போது மருந்தும் பழைய வியாதியும் கேட்கும் நேரத்தில் கட்டிலருகே நோயாளியும் நர்சும் மட்டும். யார் வந்திருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். ஒருத்தருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்கும், ஏனென்றால் ஒருத்தியை மட்டும் தனியாகக் கேட்டால் அவளுக்கு ஏதோ இருக்கிறது என்று வெளியே நிற்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் நினைவு தப்பி வருகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு. கட்டில் கம்பிக்கும் ஒரு விதி வந்தது.

முதல் மாதம் வார்டு வாசலில் ஒரே ரகளை. “அப்படி என்ன ரகசியம் கேக்கீக?” “எங்களுக்குத் தெரியாம இவளுக்கு என்ன இருக்கு?” பார்க்கப் போனால் அவர்களும் என்னைப் போலத்தான், ஒன்று என்றால் ஒன்பது நினைக்கிறவர்கள். வார்டு சிஸ்டர் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: “எந்தப் பெரிய தலைவரு வந்து படுத்தாலும் இப்படித்தான் கேப்போம், வெளியில நில்லுங்க.” கொஞ்ச நாளில் ஆட்கள் தாங்களாகவே எழுந்து போகப் பழகிவிட்டார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் துடித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ரெக்கார்ட்ஸ் அறையில் கேட்டால் ஊர் கிடைக்கும், ஊர் கிடைத்தால் மிச்சமெல்லாம் பஸ்ஸில் கிடைக்கும். ஆனால் அப்படிக் கேட்டால் நான் அத்தனை நாள் யார்மேல் சந்தேகப்பட்டேனோ அந்த ஆளாக நானே ஆகிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

வெகு நாள் கழித்து ஒரு காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள். கழுத்தில் தாலி, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. பக்கத்தில் கனத்த உடம்போடு ஒரு அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் காது திரும்பவில்லை.

“மணியாச்சுல்லா? போடு” என்றார் அந்த அம்மா. ஓரக்கண்ணால் பார்த்தேன். பையிலிருந்து மாத்திரை அட்டையை அவரே எடுத்தார், பிதுக்கி மருமகள் கையில் வைத்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தேன், யார் பார்க்கிறார்கள், யார் காதைத் தீட்டுகிறார்கள் என்று. பஸ்ஸில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

“என்னம்மா அப்படிப் பாக்கீக? வலிப்பு மாத்திரை. நேரந் தவறாமப் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில்.

“அத்த, மெதுவாப் பேசுங்க” என்றாள் மருமகள்.

“எதுக்கு மெதுவா? கல்யாணத்துக்கு முந்தியே நீயா வந்து எங்கிட்டச் சொன்னவதான? என் மகன்தான் ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான், பொறவு சரியாயிட்டான்.” என் பக்கம் திரும்பி, “மறைச்சுக் கட்டி வச்சிருந்தா நான் விட்டிருப்பேனா?” என்றார்.

பெருமையாகச் சொல்கிறாரா, ஊரறியச் சொல்லிக் காட்டுகிறாரா? அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் கேட்டது. மருமகள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இவியள உனக்குத் தெரியுமா?”

“தெரியாதே அத்த” என்றாள் அவள்.

“உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாதும்மா” என்றேன்.